இருபதாம் நாளில் மருந்தடிப்பதா, முப்பது நாள் பொறுப்பதா?

நெல் நட்டு மூன்று வாரம். முதல் மேலுரம் விழுந்து கழனி கருகருவென்று எழும்பி நிற்கிற நேரம். அப்போதுதான் சில இலைகள் நீளவாக்கில் மடிந்து ஒட்டிக்கொண்டிருப்பதும், அவற்றில் வெள்ளைக் கோடுகள் ஓடியிருப்பதும் கண்ணில் படும். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெளிர்பச்சையில் ஒரு புழு. இலைச்சுருட்டுப் புழு. மறுநாள் காலை மருந்துக் கடையில் நின்றால் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடும்: "புழு வந்துடுச்சாண்ணே? இத டேங்குக்கு ஊத்தி அடிச்சி வுடுங்க, ஒண்ணு நிக்காது." பக்கத்துக் கழனிக்காரரும் அடித்திருப்பார். நாம் மட்டும் சும்மா இருந்தால் பயிரைக் கவனிக்காதவன் என்று பேர்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு சுற்றுவட்டாரத்தில் இந்தக் கட்டத்தில் விவசாயி முன் நான்கு வழிகள் இருக்கின்றன. உடனே மருந்து தெளிப்பது. யூரியாவோடு குருணை மருந்தைக் கலந்து வீசுவது. முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டுவது. எதுவும் அடிக்காமல் வாரம் ஒரு முறை இறங்கி எண்ணிப் பார்ப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கழனிகளுக்கு நான்காவதுதான் சரி. மூன்றாவது, காலம் பார்த்துச் செய்தால் கூடுதல் பலம். முதல் இரண்டும் இருபதாம் நாளில் பலருக்கு வீண் செலவு. சிலருக்கு, தூரின் அடியில் மொய்த்துச் சாறு உறிஞ்சிப் பயிரைத் தீய்க்கிற புகையானை அறுபதாம் நாளில் வரவழைக்கிற செலவு.

இந்தப் புழு இப்போது எதைத் தின்கிறது?

இருபதாம் நாளில் இலைச்சுருட்டுப் புழு தின்பது, கதிர் வருவதற்குள் எப்படியும் பழுத்து உதிரப்போகிற கீழ் இலைகளை. பயிர் அப்போது தூர் வெடித்துக்கொண்டிருக்கிறது, வாரந்தோறும் புது இலை விடுகிறது. பத்து இலையில் ஒன்று கெட்டாலும் அந்த இடத்தை அடுத்த இலை மூடிவிடும். மணியை நிரப்புவது இந்த இலைகள் அல்ல. கடைசியாக வரும் மேல் மூன்று இலைகள்தான் அதைச் செய்கின்றன, முக்கியமாகக் கதிருக்கு அடியில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி இலை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் இலைச் சேதம் 10 சதவீதத்தை எட்டினால்தான் நடவடிக்கை. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம் சேதம் என்றாலே நடவடிக்கை. புழு ஒன்றுதான், பருவம் மாறியதால் கெடு பாதியாகிறது. நாம் செய்வது இதற்கு நேர்மாறு. இருபதாம் நாளில் நாலு மடிந்த இலையைப் பார்த்துப் பதறுகிறோம், கண்ணாடி இலை வரும்போது கதிரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவது கடினமில்லை. கழனியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே நடந்து, இடைவெளி விட்டு இருபது குத்துகளைப் பாருங்கள். வரப்போரக் குத்து வேண்டாம், அங்கே எப்போதும் கூடுதலாக இருக்கும். ஒரு குத்தில் பத்து தூர், தூருக்கு நாலு இலை என்றால் நாற்பது இலை. இருபது குத்துக்கு எண்ணூறு. மடிந்தது, வெளுத்தது எல்லாம் சேர்த்து ஐம்பது இலை என்றால் ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எண்பதைத் தொட்டால்தான் பத்து. வரப்பில் நின்று பார்க்கும்போது ஐம்பது இலையும் "கழனி முழுக்க" என்றுதான் தோன்றும். மடிந்த இலைகள் சிலவற்றைப் பிரித்தும் பாருங்கள். பல மடிப்புகளில் புழு இருக்காது. சிலவற்றில் புழுவுக்குப் பதிலாக, மடிப்புக்குள் புகுந்து புழுவைத் தேடித் தின்கிற ஒல்லியான தரை வண்டு இருக்கும். செம்பழுப்பு உடம்பு, அதில் கருநீலப் பட்டை, வேகமாக ஓடும். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து புழு வரை தின்னக்கூடியது அது.

அந்த மூன்று வாரத்தில் கழனிக்குள் யார் யார்?

நட்ட புதிதில் கழனியில் தீமை செய்யும் பூச்சி அதிகம் இருக்காது. ஆனால் சிலந்தி வந்துவிடும். இது பலருக்குப் புதிராக இருக்கும்: தின்ன ஒன்றும் இல்லாத கழனியில் சிலந்தி எதைத் தின்று வாழ்கிறது?

பதில் தண்ணீரில் இருக்கிறது. மக்கிய தொழு உரமும் பழைய தாளும் கிடக்கிற சேற்றுத் தண்ணீரில் கொசு போன்ற சின்னஞ்சிறு ஈக்களும், துள்ளுகிற நுண்பூச்சிகளும் பெருகும். கொசு போல இருக்கும் அந்த ஈக்களில் பெரும்பாலானவை கடிக்காது, பயிரையும் தொடாது, மக்கியதைத் தின்று வளரும். அவைதான் முதல் மாதத்தில் சிலந்தியின் சோறு. ஜாவாவில் நெல் வயல்களை ஆராய்ந்து 1996-ல் வெளியான முடிவும் இதுதான். தொழு உரம் சேர்ந்த வயலில் இந்த ஒன்றும் செய்யாத பூச்சிகள் கூடின, அவற்றைத் தின்று இரைவிழுங்கிகள் முன்கூட்டியே பெருகின, பயிரைத் தின்னும் பூச்சி வந்தபோது அவை தயாராக இருந்தன. இருபதாம் நாளில் அடிக்கிற மருந்து புழுவை மட்டும் கொல்வதில்லை, இந்தச் சோற்றுப் பானையையும் கவிழ்த்துவிடுகிறது.

யாரை அடையாளம் தெரிந்துவைக்க வேண்டும் என்றால், மூன்று பேர் போதும்.

முதலாவது ஓநாய்ச் சிலந்தி. வலை கட்டாது, ஓடி ஓடி வேட்டையாடும், தண்ணீர் மேலும் ஓடும். முதுகின் முன்பகுதியில் கவட்டை போன்ற வெளிர் கோடு இருக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வாலில் ஒட்டியபடி திரியும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். அறுபது, எண்பது குஞ்சு ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி தின்னும். இது வாழ்வது மூன்று நான்கு மாதம், அதாவது கிட்டத்தட்ட ஒரு போகம். ஒரு முறை செத்தால் அந்தப் போகத்துக்குள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புவது கடினம்.

இரண்டாவது, தண்ணீர் மேல் கூட்டம் கூட்டமாகச் சறுக்குகிற சின்ன நீர்ப்பூச்சி. ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. தூரிலிருந்து தவறித் தண்ணீரில் விழும் புகையான் குஞ்சைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக் குத்தி உறிஞ்சும். தனித்தனியாகப் பார்த்தாலும் நாளைக்கு நாலைந்துக்குக் குறையாது.

மூன்றாவதுதான் என் கணக்கில் மிக முக்கியம், மிக அதிகமாகத் தவறாக அடிபடுவதும் அதுதான். மிரிட் நாவாய்ப்பூச்சி என்பார்கள். பச்சை நிறம், தலையும் தோளும் கறுப்பு, உணர்கொம்பு நீளம், உடல் ஒல்லி. பச்சையாக இருப்பதால் "தத்துப்பூச்சி பறக்குது" என்று மருந்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி ஆப்பு மாதிரி இருக்கும், தொட்டால் பக்கவாட்டில் நகர்ந்து தத்தும். மிரிட் தத்தாது, ஓடும் அல்லது எழுந்து பறக்கும். இது தின்பது புகையானையும் தத்துப்பூச்சியையும். எல்லாவற்றுக்கும் மேலாக அவற்றின் முட்டையைத் தின்னும். நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டை.

பொறிவண்டு, ஊசித்தட்டான், தும்பி இவற்றை எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை. பொறிவண்டின் குஞ்சு மட்டும் வண்டு போல இருக்காது, முள்முள்ளாக ஒரு புழு போல இருக்கும், அதை நசுக்கிவிடாதீர்கள். செம்மஞ்சளும் கருநீலமும் கலந்த ஒல்லியான ஒரு வண்டு உண்டு, அதுவும் நன்மை செய்வதுதான். ஆனால் கையில் நசுங்கினால் தோல் கொப்புளித்துவிடும், ஊதிவிட்டுப் போங்கள்.

எப்படித் திருப்பி அடிக்கிறது?

புதிதாக நட்ட கழனியில் புகையான் முன்பே இருப்பதில்லை. நீண்ட இறக்கையோடு வெளியிலிருந்து பறந்து வந்து இறங்கும். ஏரி ஆயக்கட்டில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நட்டிருந்தால், முதிர்ந்த கழனியிலிருந்து இளசுக்கு நகரும். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்திலும் பாலாற்றங்கரைக் கிணற்றுப் பாசனத்திலும் நடவு ஒரே வாரத்தில் முடிவதில்லை என்பது தெரிந்ததே.

105 நாள் ரகமான ஆடுதுறை 37 நட்ட ஒரு கழனியை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நாளில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்தாயிற்று. புழு செத்தது. சிலந்தியும் நீர்ப்பூச்சியும் செத்தன. இருபத்தைந்தாம் நாளில் புகையான் வந்து இறங்குகிறது. அது முட்டையை இலை மேல் வைப்பதில்லை, இலையுறையைக் கீறி உள்ளே செருகிவைக்கிறது. மருந்து மேலே படியும், முட்டையைத் தொடாது. அந்த முட்டையை எட்டக்கூடியவற்றில் முக்கியமானது மிரிட்டின் ஊசிவாய். மருந்து பட்டால் மிரிட்டும் எளிதில் செத்துவிடும்.

ஏழெட்டு நாளில் முட்டை பொரிக்கும். இன்னும் இரண்டு வாரத்தில் குஞ்சு வளர்ந்துவிடும். அப்படிப் பார்த்தால் நட்ட ஐம்பதாம் நாளை ஒட்டி முதல் தலைமுறை தயார். உணவு நன்றாக இருந்தால் இவற்றில் பல குட்டை இறக்கையோடு வரும். அவை பறந்து போகாது, இருந்த இடத்திலேயே முட்டை வைக்கும். அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் அறுபதாம் நாளுக்கு மேல், பயிர் பால் பிடித்து முற்றுகிற நேரத்தில் தூரின் அடியில் மொய்க்கும்.

ஒரு பெண் பூச்சி 200 முட்டை வைக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். எதிரிகள் இருக்கிற கழனியில் இருபதில் ஒன்றுதான் தப்புகிறது என்றால் பத்து மிஞ்சும், அதில் பாதி பெண். அந்த ஐந்தும் அடுத்த சுற்றில் தலா பத்து என்றால் ஐம்பது. எதிரிகள் குறைந்த கழனியில் ஐந்தில் ஒன்று தப்பினால் முதல் சுற்றில் நாற்பது, அதில் இருபது பெண், அடுத்த சுற்றில் எண்ணூறு. வந்து இறங்கியது ஒரே எண்ணிக்கைதான். இரண்டு தலைமுறை கழித்து வித்தியாசம் பதினாறு மடங்கு. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உண்மையில் தப்புகிற விகிதம் கழனிக்குக் கழனி மாறும், ஆனால் பெருக்கல் ஓடும் விதம் இதுதான். வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து சாயும்போது இருபதாம் நாளில் அடித்த மருந்து யாருக்கும் நினைவிருக்காது. "இந்த வருஷம் புகையான் ஜாஸ்தி" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

எந்த மருந்து என்பதும் பொருட்டு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டுகள், மீதைல் பாரத்தியான், குயினால்பாஸ் ஆகியவை புகையானை மறுபடி பெருகச் செய்கின்றன என்பதால் தவிர்க்கச் சொல்லியே பல்கலைக்கழகப் பரிந்துரை இருக்கிறது. எதிரிகளைக் கொல்வதோடு நிற்பதில்லை, சில மருந்துகள் சாகாத அளவுக்குப் பட்டால் புகையான் கூடுதலாக முட்டை வைக்கவும் செய்கிறது. கடையில் மலிவாகவும், புழு உடனே விழுவதாகவும் இருப்பது பெரும்பாலும் இந்தப் பைரித்ராய்டு வகைதான். ஒரே பாட்டிலில் இரண்டு மருந்து கலந்து வருவதிலும் பாதி இதுவாக இருக்கும். லேபிளில் "மெத்ரின்" என்று முடிகிற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்தோனேசியா இதை நாடளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. மானியத்தில் மருந்து கொடுத்து அடிக்கச் சொன்ன அரசே, புகையான் கட்டுக்கடங்காமல் போன பிறகு, 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது.

ஒரே எண்ணிக்கை, இரண்டு முடிவு

சிலந்திக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது புகையானுக்கான பொருளாதாரச் சேதநிலையை. கழனியில் சிலந்தி இல்லை என்றால் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்து அடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம். பரிந்துரையே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கழனி. நட்டு நாற்பத்தைந்து நாள். இரண்டிலும் காலையில் இறங்கி, இருபது குத்தைச் சாய்த்து அடியில் இரண்டு தட்டு தட்டி, தண்ணீரில் விழுந்ததையும் தண்டில் ஒட்டியிருப்பதையும் எண்ணுகிறோம். குத்துக்குப் பன்னிரண்டு தூர், ஆக 240 தூர். இரண்டு கழனியிலும் 336 புகையான் கிடைத்ததாக வையுங்கள். தூருக்கு 1.4 வருகிறது.

முதல் கழனியில் அதே இருபது குத்தில் 24 சிலந்தி ஓடியது. குத்துக்கு ஒன்றுக்கு மேல். கெடு இரண்டு. அதனால் மருந்து வேண்டாம், தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் காயவிட்டு, மறுபடி எண்ணலாம். இரண்டாவது, இருபதாம் நாளில் மருந்து அடித்த கழனி. அதில் மூன்றே சிலந்தி. கெடு ஒன்று. அது தாண்டிவிட்டது, மருந்து அடித்தே ஆகவேண்டும். இருபதாம் நாளில் சிக்கனம் பார்க்காமல் அடித்தவர் நாற்பத்தைந்தாம் நாளிலும் அடிக்கிறார். அடிக்காதவருக்கு இரண்டு செலவும் இல்லை. டேங்குக் கணக்கில் மருந்து விலை, தெளிக்கிற ஆள் கூலி இரண்டையும் உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகையானுக்கு அடிக்க நேர்ந்தால் முதலில் தண்ணீரை வடியுங்கள். இலை நனைவது மாதிரி அடிப்பது வீண், பூச்சி தண்ணீருக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் தூரின் அடியில் இருக்கிறது, மூக்குக்குழல் அங்கே போகவேண்டும். எட்டடிக்கு ஒரு முறை ஓரடி பட்டம் விட்டு நட்டிருந்தால் இதற்கு வழி இருக்கும். நெருக்கமாக நட்டு மூடிய கழனியில் எந்த மருந்தும் அடிக்குப் போகாது. குஞ்சாக இருக்கும்போது புப்ரோபெசின் சிலந்தியை அதிகம் பாதிக்காமல் வேலை செய்யும், ஆனால் வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. வளர்ந்தவை கூடுதலாக இருந்தால் பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி, ஏக்கருக்கு 120 கிராம்.

குருணையும் அட்டையும்

பதினைந்தாம் நாள் யூரியாவோடு குருணை மருந்து கலந்து வீசுவது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. "எப்படியும் யூரியா போடுறோம், கூட அதையும் போட்டா ஒரு வேலை முடிஞ்சிடும்." தெளிப்பதைவிட இது மேல் என்று நினைக்கக் காரணம், மேலே பறக்கிற நன்மைப் பூச்சி தப்பும் என்பது. அது பாதி உண்மை. குருணை விழுவது தண்ணீரில். முதல் மாதத்துச் சோறும் நீர்ப்பூச்சியும் இருப்பது அதே தண்ணீரில். புழு இருக்கிறதா என்று பார்க்காமலே போடுவதால், எதற்குப் போட்டோம் என்பதற்கும் கணக்கில்லை. ஆனைக்கொம்பனோ குருத்துப்பூச்சியோ ஒவ்வொரு போகமும் தாக்குகிற கழனியில் குருணைக்கு இடமுண்டு. யூரியாவுக்குத் துணையாக மட்டும் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. யூரியாவையே குறைக்க முடிகிறதா என்று பார்ப்பது இதைவிடப் பயன். இலை கரும்பச்சையாக, மெத்தென்று இருக்கிற கழனியில்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் நன்றாக வளர்கின்றன.

முட்டை ஒட்டுண்ணி அட்டை வேறு வகை. டிரைக்கோகிரம்மா என்ற, கண்ணுக்குத் தெரிவதே கடினமான குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். பிறகு அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவி வரும். குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் வகை, நட்ட 30, 37-ஆம் நாட்களில். இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ் வகை, 37, 44, 51-ஆம் நாட்களில். ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 2 சிசி. அட்டைப் பரிந்துரைகூட முப்பதாம் நாளில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். இருபதாம் நாளுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

அட்டையில் ஏமாற்றம் அதிகம், காரணம் பெரும்பாலும் கையாளுவதில் இருக்கிறது. பொரிக்கும் தேதி தாண்டிய அட்டை வெறும் அட்டை. வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் குளவி உள்ளேயே செத்துவிடும். மதிய வெயிலில் கட்டக்கூடாது. துண்டுகளாக வெட்டி, இலையின் அடிப்பக்கம் படுமாறு, கழனி முழுக்கப் பரவலாகப் பொருத்தவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு மருந்து தெளிக்கக்கூடாது. ஒட்டுண்ணி முட்டையைத்தான் தாக்கும், வளர்ந்த புழுவை ஒன்றும் செய்யாது. புழுவைப் பார்த்த பிறகு அட்டை வாங்கினால் அது அடுத்த தலைமுறைக்குத்தான் உதவும். கண்ணில் படும் குருத்துப்பூச்சி முட்டைக் குவியலை, அதாவது இலை நுனியில் மஞ்சள் கலந்த பழுப்பில் ரோமம் போர்த்தியது போல் இருப்பதை, நசுக்காமல் ஒரு டப்பாவில் போட்டு மெல்லிய துணி கட்டிப் பாருங்கள். இயற்கையாகவே ஒட்டுண்ணி தாக்கிய முட்டை எவ்வளவு என்பது வெளிவருவது புழுவா, குளவியா என்பதிலேயே தெரியும்.

எத்தனை நாள் பொறுப்பது?

வியட்நாமின் மெகாங் கழிமுகத்தில் 1990-களில் "முதல் நாற்பது நாள் தெளிக்காதே" என்று பெரிய பிரசாரம் நடந்தது, அங்கே மருந்து அடிப்பது கணிசமாகக் குறைந்தது. அந்த நாற்பதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக்கூடாது. அங்கே நேரடி விதைப்பு, நாற்பது நாள் என்பது விதைத்ததிலிருந்து. நாம் நாற்று விட்டு நடுகிறோம். ஆடுதுறை 37, கோ 51 போன்ற குறுகிய கால ரகத்தில் நட்ட முப்பத்தைந்தாம் நாளை ஒட்டியே கண்ணாடி இலை தலைகாட்டத் தொடங்கும். அதனால் அவற்றுக்கு முப்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பாவில் பாபட்லா போன்ற நீண்ட கால ரகத்துக்கு நாற்பது நாள் பொறுக்கலாம். பாபட்லா புகையானுக்கு எளிதில் ஆட்படும் ரகம் என்பதால் அதில் சிலந்தியைக் காப்பது இன்னும் முக்கியம்.

அந்த முப்பது நாளுக்குள்ளும் அடிக்கவேண்டிய நேரம் வரலாம். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வருகிற தூர் பத்தில் ஒன்று ஆகிவிட்டால் குருத்துப்பூச்சிக்குப் பார்க்கவேண்டும். வெங்காயத்தாள் போலக் குழலாக நீளும் தூர் பத்தில் ஒன்று என்றால் ஆனைக்கொம்பன். துங்ரோ நோய் வழக்கமாக வருகிற இடத்தில் குத்துக்கு இரண்டு பச்சைத் தத்துப்பூச்சியே கெடு, அங்கே பொறுமை ஆபத்து, ஏனென்றால் கெடுப்பது பூச்சி உறிஞ்சும் சாறு அல்ல, அது சுமந்து வரும் நோய். இலைச்சுருட்டுப் புழு பத்து சதவீதத்தைத் தாண்டினால் முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு: ஏக்கருக்குப் பத்து கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதிபவன் சோப்புக் கரைசலும் சேர்த்து, சாயங்காலம் தெளிக்கவேண்டும். கண்ணாடி இலையில் கெடு தாண்டினால் வேம்புக்குக் காத்திருக்காமல் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி, ஏக்கருக்கு 60 மில்லி. சிலந்திக்கு அது பைரித்ராய்டு அளவுக்குக் கெடுதல் செய்யாது.

"பக்கத்துல எல்லாரும் அடிச்சா பூச்சி நம்ம கழனிக்குத்தானே வரும்?" என்ற கேள்வி எப்போதும் வரும். தெளிக்கும்போது நகர்ந்து வருவதில் சிலந்தியும் மிரிட்டும்கூட உண்டு. அடிக்காத கழனி அவற்றுக்கும் ஒதுங்கிடம். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ எள்ளோ இருந்தால் அங்கே தங்கித் திரும்பும். பூக்கும் செடி வரப்பு வைத்து சீனா, தாய்லாந்து, வியட்நாமில் நடந்த சோதனைகளின் முடிவு 2016-ல் வெளியானது. மருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்தும் விளைச்சல் 5 சதவீதம் கூடியிருந்தது.

முழுக் கழனியிலும் பொறுக்க மனம் வராதவர்கள் பத்து சென்ட் மட்டும் விட்டுப் பாருங்கள். பக்கத்து மருந்து காற்றில் வந்து படியாத பக்கமாக, இடையே வரப்பு உள்ள பாத்தியாக எடுங்கள். ரகம், நடவு நாள், யூரியா எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை இரண்டிலும் இருபது குத்து: கெட்ட இலை, புகையான், சிலந்தி, மூன்று எண் மட்டும் ஒரு நோட்டில். எந்தப் பூச்சி என்று தெரியாமல் போனால், அடியோடு பிடுங்கிய நாலு குத்தைப் பிளாஸ்டிக் பையில் வாய் கட்டி, வெயில் ஏறும் முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். செல்போன் படத்தில் மிரிட்டும் தத்துப்பூச்சியும் ஒன்றுபோலத் தெரியும், பையில் பூச்சியே இருந்தால் குழப்பமில்லை.